பேர் இல்லாமல் விழுந்தவர்

இன்று செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் தாதா படம் பார்த்து அழுதாள்.

“பொம்பளைங்க மேல கையே வைக்க மாட்டாரு ஆச்சி. கூட இருந்தவனே காட்டிக் குடுத்துட்டான்!”

அறுபதுகளில் தென்காசி டென்ட் கொட்டகையில் நாங்களும் ஒரு கடத்தல்காரனுக்காக அழுதோம். அவன் அம்மா கையால் சாப்பிடுவதையும், சொன்ன சொல் தவறாததையும், அவனைவிடக் கொடியவனையும் காட்டிக் காட்டி எங்களை அவன் வீட்டாராகவே ஆக்கிவிட்டார்கள். அவன் சுட்ட காவலாளியை மட்டும் முதுகுப்பக்கமாக ஒரு நொடி காட்டினார்கள்.

அந்தக் காவலாளி விழுந்ததும், கூட வந்திருந்த பக்கத்து வீட்டு மைனி, “சுப்பையா” என்றாள். அது அவள் புருஷன் பேர். புளியறைச் சோதனைச் சாவடியில் அரிசி கடத்தியவர்கள் குத்திக் கொன்ற காவல்காரர். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதேயில்லை.

“என்ன மைனி?”

“அவருக்குப் பேரே வைக்கலயேட்டி.”

கடைசியில் கடத்தல்காரன் செத்தபோது கொட்டகையே தேம்பியது. மைனி, காவலாளி விழுந்த திரையின் ஓரத்தையே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“இன்னும் அங்கனயே கெடக்காவ. யாரும் தூக்க வரல.”



இன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “ஒங்க தாதா எத்தன காவலாளியச் சுட்டாரு?”

“கவனிக்கல ஆச்சி.”

நீங்கள் அழுத படத்தில் அப்படி விழுந்தவருக்குப் பேர் இருந்ததா? இருந்தால் கீழே எழுதுங்கள். ஒரே ஒரு பேர் வந்தாலும் போதும்.