அஞ்சாவது கால் பங்கு

கீழ்க்கட்டளையில் வீடு கட்ட வங்கிக் கடனைத் தவிர எங்களிடம் பணமில்லை. காண்ட்ராக்டர் மொத்தச் செலவையும் அதற்குள் அடக்கித் தருவதாகப் பேசியதை டேப்ரெக்கார்டரில் பதிந்துகொண்டேன். மறுநாள் கேசட்டை ஓட்டி நிறுத்தி, வேலை எந்தெந்தக் கட்டத்தில், சிமென்ட், கம்பி, செங்கல் என்ன விலை, பணம் எப்போது என்று நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள்.

அட்வான்ஸ் கால் பங்கு, அஸ்திவாரம் முடிந்ததும் கால், கதவு, ஜன்னலுக்கு மேல் லிண்டல் போட்டதும் கால், தளம் போட்டதும் கால், பூச்சு முடிந்ததும் கால். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குரல் கம்பீரமாக "கரெக்ட் சார்" என்றது. அது என் குரல்.

"நாலு கால்லயே முழுசும் ஆயிடுச்சே. அஞ்சாவது கால் யார் வீட்டுக்கு?" என்றாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறியது.

காண்ட்ராக்டரை வரவழைத்துக் கேசட்டைப் போட்டோம். முதலில் தன் குரலில் சொக்கிப்போனார். பிறகுதான் கணக்கு காதில் விழுந்தது.

"இன்னா சார், நீங்க தலையாட்டிக்கினே இருந்தீங்க, நானும் அள்ளிவுட்டுக்கினே போயிட்டேன்" என்று அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவி எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்காக்கி, கடைசிப் பங்கை வெள்ளையடித்த பிறகு என்று மாற்றினாள். அவர் கையெழுத்துப் போட்டார். வீடு கடனுக்குள் அடங்கியது.

"இனிமே ரேட்டெல்லாம் அக்காகிட்டயே பேசிக்கிறேன் சார்" என்றார். எனக்குச் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு கிடைத்தது.