‘இல்லையா’ என்று கேட்டால்

என் தங்கைக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான யட்டவத்தையில் பிறந்து அவுஸ்திரேலியாவில் பஸ் ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர், வளர்ந்த மகள் ஒருத்தி உண்டு. மாத்தளையில் பதிவு செய்துவிட்டு, லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார். தங்கை விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, எப்போதும் போல டவுனில் இருக்கும் பார்மசிக்கு வேலைக்குப் போய் வந்தாள். நானும் எப்போதும் போல நீதிமன்றத்துக்குப் போய் வந்தேன். அலுவிகாரையில் எங்கள் வீட்டில் அக்காவும் தங்கையுமாக நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ்ச் சாட்சிகள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும், நீதவானும் சட்டத்தரணிகளும் கேட்பதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. அதனால் விசா அதிகாரி தொலைபேசியில் பேசப் போகிறார் என்று தெரிந்ததும், நான் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவேன் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொன்னேன். அவர்களே ஒருவரை ஏற்பாடு செய்வார்கள் என்றும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. டாக்டர்மார் கிறுக்குகிற ஆங்கிலத்தையே படிக்கிறவளுக்கு இன்னொருத்தர் எதற்கு என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஆங்கிலத்திலேயே பேசுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அழைப்பு வந்தபோது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். இடையில் கதவு இல்லை, திரைச்சீலைதான். தொடக்கத்தில் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு அந்தப் பெண் அதிகாரி, கணவரின் மகளை நீங்கள் சந்தித்ததில்லையா என்று கேட்டார். தங்கை ‘யெஸ்’ என்றாள்.

“சந்தித்திருக்கிறீர்களா?”

“நோ.”

“அப்படியானால் சந்தித்ததில்லை?”

“யெஸ்.”

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மூன்று தடவையும் ஒரே உண்மையைத்தான் சொன்னாள். நாங்கள் ‘இல்லையா’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றால், நீங்கள் சொல்வது சரி, இல்லைதான் என்று அர்த்தம். சிங்களத்திலும் ஏறத்தாழ அப்படித்தான். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும், நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்காவிட்டால் ‘நோ’. அவள் வாயில் ஆங்கிலம் இருந்தது, தலையில் தமிழ் இருந்தது. கணவர் கொடுத்த வாக்குமூலத்திலோ இவள் மகளைச் சந்தித்ததில்லை என்று தெளிவாக இருந்தது. அடுத்த வாரம் மறுபடி பேசுகிறேன் என்று சொல்லி அதிகாரி வைத்துவிட்டார். குரலில் மரியாதை குறையவில்லை. எனக்குப் பயம் வந்ததே அந்த மரியாதையால்தான்.

அன்று இரவு தங்கை சாப்பிடவில்லை. இரண்டாவது தடவையும் இப்படி உளறினால், இது கல்யாணமே இல்லை, விசாவுக்காகச் செய்த பதிவு என்று எழுதிவிடுவார்கள். அதை அவள் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

முதலில் அவளுக்கு ஆங்கில விதியைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு உடனே புரிந்தது. ஆனால் வேகமாகக் கேட்டால் வாய் பழைய இடத்துக்கே போனது. மூன்றாம் நாள் அவளே என்னைத் திருப்பிக் கேட்டாள். தெருமுனையில் நிற்கிற நாய் உன்னைக் கடித்ததில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ‘யெஸ்’ என்றேன்.

“கடிச்சிருச்சா? எங்க, காட்டு பார்ப்போம்” என்றாள். “கோட்டுல இப்படித்தான் சொல்லிட்டு இருக்கியா அக்கா? எத்தனை பேர் உள்ள போயிட்டாங்களோ.”

நீதிமன்றத்தில் அப்படி நடக்காமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வருகிற ஒருவரிடம் லொறியைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். அவர் ‘ஆமாங்க’ என்பார். அது பார்க்கவில்லை என்பதாக இருக்கலாம். பெரியவர் ஒருவர் கேட்கிறாரே என்று மரியாதைக்குச் சொன்ன ‘ஆமாங்க’வாகவும் இருக்கலாம். ‘பார்க்கலையா’ என்ற கேள்வியிலேயே, பார்த்திருக்க வேண்டுமே என்ற குற்றச்சாட்டு பாதி ஒளிந்திருக்கிறது. நானாக ஊகித்துச் சிங்களத்தில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்ன சொல்லை அப்படியே சொல்லி, இது இரண்டு விதமாகவும் விளங்கும் என்று நீதவானிடம் தெரிவிப்பேன். அவர் கேள்வியை வேறு மாதிரி கேட்கச் சொல்வார். பார்த்தீர்களா, பார்க்கவில்லையா, நடந்ததைச் சொல்லுங்கள் என்பார். அப்போது ஆள் வாயைத் திறந்து முழுதாகச் சொல்வார்.

பார்மசியில் தங்கையும் அதைத்தான் செய்கிறாள். இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதில்லையே என்று கேட்டு, ‘ஆமா’ என்ற பதிலோடு அவள் மாத்திரையைக் கொடுப்பதில்லை. முன்பு குடித்தீர்களா, குடித்தபோது என்ன ஆனது என்று கேட்பாள். இதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம், நடந்ததை முழு வாக்கியமாகச் சொல் என்றேன்.

அதன்பிறகு அந்த வாரம் வீட்டில் ஒரு கேள்விக்கும் நேரான பதில் கிடைக்கவில்லை. பருப்புக்கு உப்புப் போடலையா என்றால், நான் பருப்புக்கு உப்புப் போட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் வரும். குடை எடுக்கலையா என்றால், நான் குடையை எடுக்கவில்லை, ஏனெனில் மழை இல்லை என்று வரும். மழை பெய்து நனைந்து வந்த அன்றும், நான் நனைந்திருக்கிறேன் என்று முழு வாக்கியத்தில்தான் சொன்னாள்.

இரண்டாவது அழைப்புக்கு நான் லீவு போட்டேன். அதே இடம், அதே திரைச்சீலை. மகளைப் பற்றிய கேள்வி முதலிலேயே வந்தது. நான் அவளை இதுவரை சந்திக்கவில்லை, வீடியோவில் பேசியிருக்கிறேன், போன தடவை தவறாகச் சொல்லிவிட்டேன் என்றாள். அதிகாரி நன்றி சொன்னார். இன்னும் சில கேள்விகள் வந்தன, எல்லாவற்றுக்கும் முழு வாக்கியம். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில், விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டது போல, அக்காவோடுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறீர்கள், அவரைத் தனியே விட்டு வருவதில் உங்களுக்குக் கவலையில்லையா என்று அதிகாரி கேட்டார்.

நாங்கள் பயிற்சி செய்த கேள்விகளில் இது இல்லை. இதை நான் கேட்டிருக்கவும் மாட்டேன். அவள் வெறும் ‘நோ’ என்று சொல்லியிருந்தால் அதிகாரி அதைத் தன் மொழியில் கவலையில்லை என்று எழுதிக்கொள்வார், நான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வேன், அதோடு முடிந்திருக்கும்.

“எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். “நிறையக் கவலையாக இருக்கிறது. ஆனாலும் நான் என் கணவரிடம் போக விரும்புகிறேன்.”

புரிகிறது என்று மட்டும் அதிகாரி சொன்னார்.

அழைப்பு முடிந்து தங்கை சமையலறைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ப்ளேன்டீக்குத் தண்ணி வைத்தாள். “கேட்டுச்சுதானே?” என்றாள். கேட்டது என்றேன். “அப்ப திரும்பச் சொல்லத் தேவையில்ல” என்று சீனிப் போத்தலை எடுத்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நான் போனால் உனக்குக் கஷ்டமில்லையா என்று அவளும் கேட்டதில்லை, நீ போவதில் உனக்குக் கஷ்டமில்லையா என்று நானும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் பதிலைப் பற்றிப் பயம் இருந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து, நீதிமன்றத்தில் மதிய இடைவேளையில் அவளிடமிருந்து போன் வந்தது. ஈமெயில் வந்திருக்கு என்றாள். இத்தனை நாள் அவளைத் திருத்திய நானே அவசரத்தில், “மறுக்கலையே?” என்று கேட்டுவிட்டேன்.

“குடுத்துட்டாங்க அக்கா” என்றாள். பின்னால் பார்மசியில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு, குரலைத் தணித்து என்னிடம் கேட்டாள்.

“நீ அழலதானே?”

மரத்தடியில் சாட்சிக்காரர்கள் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

“அழுறேன்” என்றேன். “சந்தோஷமாவும் இருக்கு.”

“சரி, அழுது முடிச்சிட்டு முகத்தக் கழுவிக்க. நான் இவருக்கு மருந்து குடுக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.