சட்டத்துக்குள் போன உதடு

வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வருகைப் பதிவின்போது அவள் சொல்லும் "உள்ளேன்" முன் பெஞ்சைக்கூடத் தாண்டாது.

பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'என் முகம்'. புகைப்படத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. முகம் யாருடையது என்று தெரிய வேண்டும், ஆனால் அச்சு அசலாக இருக்கக் கூடாது.

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி, வளர்ந்த அண்ணனின் உயரத்துக்கு மாட்டியிருந்தது. பூனை அதன் முன்னால் நின்றால் மேலுதடு வரைதான் தெரியும். எக்கிப் பார்க்காமல், தெரிந்ததை மட்டும் வரைந்தாள். முதலில் பென்சிலில் உள்ளபடி. பிறகு அதன்மேல் மெல்லிய தாள் வைத்து, தேவையில்லாததையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தாள். முடி ஒரே கறுப்புத் திட்டாயிற்று. மூக்கு ஒற்றைக் கோடு. கண்களைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒன்றை முடிக்குள் பாதி மறைத்தாள். கன்னத்தின் நிழலைப் படிப்படியாகக் கரைக்காமல், வெளிச்சப் பக்கம் ஒரு காவி, இருட்டுப் பக்கம் ஒரு நீலம் என்று வெட்டி நிறுத்தினாள். தாளின் கீழ் ஓரத்தில், விரல் அகலத்துக்கு மேலுதடு. படம் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான் சிவப்பு.

படங்களின் முன்பக்கம் பெயர் கிடையாது, பின்னால் எண் மட்டும். நடுவராக வந்த ஓவியர் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நடந்து நடந்து பார்த்தார். அவளுடையதை எடுத்து நிறுத்தினார்.

"கண்ணுலேர்ந்து பார்வை மூக்குக் கோட்டைப் புடிச்சுகிட்டே இறங்கி, இந்தச் சிவப்புல வந்து நிக்குது பாருங்க. தாளை எங்க முடிக்கணும்னு தெரிஞ்ச கை இது."

முதல் பரிசு.

பள்ளி வாசலில் மாட்டுவதற்காகப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பூனை கீழ் ஓரத்தைத்தான் முதலில் தேடினாள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வைக்கும் வெள்ளை அட்டையில், படத்தைவிடச் சின்னதாக ஜன்னல் வெட்டியிருந்தார்கள். ஓரத்தைப் பிடித்துக்கொள்ள எப்போதும் அப்படித்தான் வெட்டுவார்கள். அந்த ஓரத்தோடு உதடும் போய்விட்டது.

"ஏய் பூனை, வாய் எங்கடி?" என்று சிரித்தார்கள் பெண்கள்.

டிராயிங் மாஸ்டரிடம் போய் நின்றாள். "சார்... உதடு மறைஞ்சிருச்சு சார்."

"ஒரு விரல் அகலம் போனா என்னம்மா? வாய் இல்லாததே நல்லா அர்த்தமாத்தான் இருக்கு."

"அது அர்த்தம் இல்ல சார், அது..." அதற்குள் அவர் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்து மாணவர் ஆலோசகர் கூப்பிட்டார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் பில் போடும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள்.

"வீட்டுல பிள்ளையைப் பேச விடுறீங்களாம்மா? வாயில்லாம தன்னையே வரைஞ்சிருக்கா."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "நாங்க அவளை அதட்டினதுகூட இல்லைங்க."

"வாய் இருக்கு மேடம்," என்றாள் பூனை.

"பயப்படாதம்மா. மெதுவா சொல்லு."

"அட்டைக்கு அடியில இருக்கு."

ஆலோசகர் இரக்கத்தோடு தலையாட்டி, என்னவோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "என்மேல ஏதாவது கோவமாடி உனக்கு?"

பூனைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனாள். நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். வீட்டுச் சாவியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பிப் பலகையை எடுத்தாள். காவலாளி ஓடிவந்தார், பின்னாலேயே டிராயிங் மாஸ்டர்.

"என்ன காரியம் பண்றே?"

அவள் தாளை உருவி நீட்டினாள். சிவப்பு கண்ணில் பட்டது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம வீட்டுக் கண்ணாடில தெரியற மாதிரியில்ல இருக்கு!"

மாஸ்டர் அட்டையைத் தாள்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அட ஆமா. இது இல்லேன்னா பார்வை நிக்க இடமில்லாம படம் தொங்கிப்போகுதே," என்று முணுமுணுத்தார். புதிய அட்டையில் ஜன்னல் வெட்டாமல், படத்தை அதன்மேல் ஒட்டி, நாலு ஓரமும் தெரியும்படி தானே சட்டம் போட்டார். கண்ணாடி வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க விளிம்பில் மெல்லிய கட்டைகளும் வைத்தார். ஆனால் பள்ளி மலர் அதற்குள் அச்சாகிவிட்டது, வாயில்லாத முகத்தோடு.

பரிசளிப்பு விழாவில் ஆலோசகர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "முதல்ல இந்தப் பொண்ணு வாயே இல்லாமதான் வரைஞ்சா. நாங்க உட்கார வெச்சுப் பேசினோம். இப்ப பாருங்க, உதடு வந்திருக்கு!"

ஒரே கைதட்டல். பூனை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கி அருகே போனாள்.

"அது முதல்லேர்ந்தே இருந்துச்சு."

குரல் கடைசி வரிசை வரை கேட்டது. ஆலோசகருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவள் தோளை அணைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, பேசவும் ஆரம்பிச்சுட்டா!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. பூனை பல்லைக் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.