நான்காவது அர்த்தம்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்குவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அவளுக்கு ‘டிக்‌ஷனரி அக்கா’ என்றே பெயர். கண்மூடித் திறப்பதற்குள் அர்த்தம் எடுத்துவிடுவாள் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எடுக்காமல் என்ன? அகராதியில் முதல் அர்த்தத்துக்குக் கீழே அவள் கண் இறங்கியதே இல்லை.

அன்று காலை நர்ஸ் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். காலில் ஆபரேஷன் செய்த இடத்தில் ஐந்து நாளாகச் சீழ். மறுபடியும் கீற வேண்டுமாம்.

“சீழ் வந்தா உடனே வரணும்னு பேப்பர்லயே இருக்கே, ஏன் வரலைன்னு கேட்டா, இதைக் காட்டுறாருக்கா.”

அவளே எழுதிய தாள். ‘புண்ணில் விடுவிப்பு இருந்தால் உடனே வரவும்.’

ஆங்கில மூலத்தில் இருந்த சொல்லுக்காக அகராதியைப் புரட்டினாள். டிஸ்சார்ஜ்: முதலில் விடுவிப்பு, பிறகு பணிநீக்கம், அப்புறம் மின்னிறக்கம். நான்காவதாக, ‘மருத்துவம்’ என்று அடைப்புக்குறி போட்டே கொடுத்திருந்தார்கள்: புண்ணிலிருந்து வடியும் சீழ். அவள் முகம் சுண்டிப்போனது.

“தப்பு என்மேலதாம்மா,” என்றார் பெரியவர். “நாலு தடவை படிச்சேன். எனக்குப் படிப்பு பத்தலை, புரியலை. யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு.”

அவர் நாலு தடவை படித்த வாக்கியத்தை, எழுதியவள் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை.