சாருக்கு ஒரு சிபாரிசு

என் தம்பி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நூலின் தரம் சோதிக்கும் பிரிவில் இருந்தான். வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தான். கல்லூரிப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் போய்விட்டது. பாக்கி, மில்லில் அவனுக்கு மேலே இருந்த மேனேஜரின் கடிதம்தான். அது வராவிட்டால் விண்ணப்பமே செல்லாது.

அவரிடம் கடிதம் கேட்டு எழுதிய மெயிலைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தான். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சொந்தக்காரர்களின் இங்கிலீஷ் எல்லாம் என் தலையில்தான் விடியும்.

சாரின் உடம்பு, சம்சாரத்தின் உடம்பு, மில்லின் நிலவரம் எல்லாவற்றையும் விசாரித்திருந்தான். என்ன படிப்பு, கடைசித் தேதி எது என்று மட்டும் மூச்சு விடவில்லை. பல்கலைக்கழகம் சாரின் ஆபீஸ் மெயிலுக்கே ஒரு லிங்க் அனுப்பும், கடிதத்தை அதில்தான் ஏற்ற வேண்டும் என்ற தகவலும் மெயிலில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தேன். முடியாவிட்டால் தயங்காமல் சொல்லலாம் என்று ஒரு வரியும் போட்டேன்.

"அக்கா, நெசமாவே முடியாதுன்னுட்டா?"

"ஏலே, மனசில்லாம எழுதுற லெட்டரு ஒனக்கு எதுக்கு?"

அடுத்த பத்தியில்தான் எனக்குக் கோபம் வந்தது. மில்லில் ஒரு முறை நூலில் ஒரே இடைவெளியில் தடிப்பு விழுந்துகொண்டே இருந்ததாம். அந்த இடைவெளியை வைத்தே, எந்த மெஷினில் உருளை தேய்ந்திருக்கிறது என்று 'மேனேஜர் சார் கண்டுபிடித்தார்' என்று எழுதியிருந்தான்.

"கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்பறம் எதுக்கு அவரு பேரு? இத வச்சு அவரு லெட்டரு எழுதுனா அந்தக் காலேஜுல அவருக்குத்தான்டா சீட்டுக் கொடுப்பாங்க!"

"பெரியவங்க கிட்ட நான் நான்னு எழுதுனா திமிருன்னு நெனப்பாருக்கா."

நான் கேட்கவில்லை. அவன் செய்ததை அவன் செய்ததாகவே மாற்றி, அனுப்பு என்று பக்கத்திலேயே நின்றேன். அனுப்பிவிட்டு, என்னோடு பேசாமல் உர்ரென்று சுற்றினான்.

மறுநாள் சாரே போன் செய்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"மெயிலு பாத்தேம்ப்பா. அந்த உருள விஷயம் எழுதியிருக்க."

தம்பி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தான். அவசரப்பட்டு இவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அன்னைக்கு மொதலாளிக்குப் போன ரிப்போர்ட்டுல எம்பேரத்தான் போட்டுக்கிட்டேன். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

எனக்குத்தான் தெரியாது. இத்தனை நாளில் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவன்.

"லிங்க அனுப்பச் சொல்லுப்பா," என்றார் சார். "இதுலயாவது ஒம்பேரப் போடுறேன்."