அண்ணியின் கொட்டகையில் நம் வீட்டு வைஃபை

பொறி என்றால் கடைத்தெருவில் தெரியாதவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஓர் இன்வெர்ட்டரில் பொறி பறக்கவிட்டு, கடை ஃபியூஸையும் சேர்த்து அனுப்பிவைத்த புண்ணியவதி. பெயர் ஒட்டிக்கொண்டது. வாய் கொஞ்சம் நீளம்தான். இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது பிழைப்பு என்றால், தீப்பெட்டி அளவு வைஃபை போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவது அவளுக்குப் பைத்தியம்.

அப்படி ஒரு போர்டு, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டிய தூரத்தில், அண்ணியின் காளான் கொட்டகையில் இருந்தது. அண்ணனுக்கு மாற்றல் ஆனதும், அதுவரை பொறியோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணியும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போய்க் காளான் போட்டாள். பொறி போர்டைப் பெட்டியில் அடைத்துக் கூரியரில் அனுப்பினாளே தவிர, ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் போர்டு பம்பை ஓடவிட்டுத் தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும். ‘புது புரோகிராம் இருக்கா?’ என்று அவ்வப்போது வைஃபை வழியாகப் பொறியின் சர்வரைக் கேட்கும். இருந்தால் இறக்கிக்கொண்டு, தானே அணைந்து புது ஆளாக எழும்பும்.

அன்று காலை அண்ணி போன் செய்தாள். “வெயில் தாங்கல. காளான் ஓரமெல்லாம் காயுது. நாளைக்கு மொத அறுவடை.”

“இதோ, அடிக்கடி தெளிக்கச் சொல்லி அனுப்புறேன் அண்ணி.”

கடை மேசையிலேயே எண்களை மாற்றி அனுப்பினாள். போர்டு முழுசாக இறக்கிக்கொண்டது, அணைந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு மூச்சே இல்லை. அண்ணி மறுபடி அழைத்தாள்: “பம்பு ஓடல. பிளக்கைப் பிடுங்கி மாட்டியும் பாத்துட்டேன்.”

பொறி எழுதியதைத் திறந்து பார்த்தாள். வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது தன் வீட்டு வைஃபை பெயரைப் போட்டிருந்தாள். மாற்றாமல் அதையே அனுப்பிவிட்டாள். அந்தப் பாவப்பட்ட போர்டு எங்கேயோ ஒரு கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு இவள் வீட்டைத் தேடுகிறது. வைஃபை கிடைத்த பிறகே பம்பைக் கவனி என்று எழுதியதும் இந்த மகராசிதான். பழைய புரோகிராம் அழியாமல் போர்டின் மறுபாதியில் கிடந்தது. புதியது சொதப்பினால் பழையதற்குத் திரும்பு என்று நாலு வரி எழுதியிருக்கலாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அத்தனையையும் போனிலேயே அண்ணியிடம் ஒப்புக்கொண்டு, அறிவு கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“ஏதாவது பண்ணு பொறி. வாளியில தெளிச்சா காளான் அழுகிடும். வேற வேலையும் கையில இல்ல எனக்கு.” அண்ணியின் குரல் உடைந்தது.

போர்டுக்கு வேண்டியது வீடு இல்லை, வீட்டு வைஃபையின் பெயர்தானே என்று பொறிக்குச் சட்டென்று உறைத்தது. சரியான வைஃபை விவரம் போட்ட புரோகிராமை சர்வரில் ஏற்றிவிட்டு அழைத்தாள்.

“அண்ணி, போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க. பேரு, எங்க வீட்டு வைஃபை பேரு.”

“அது எனக்கே தெரியும். போட்டுட்டேன். பாஸ்வேர்டு? நான் இருந்தப்ப இருந்ததா?”

“மாத்திட்டேன்.” பொறி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி… கூட… கா. சேர்த்து, இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து.”

அந்தப் பக்கம் எழுத்து தட்டும் சத்தம் கேட்டது.

“வரலியே.”

“செட்டிங்ல அஞ்சு கிகாஹெர்ட்ஸ்னு இருக்கும். அதை ரெண்டு புள்ளி நாலுக்கு மாத்துங்க. அஞ்சுல கூப்பிட்டா இந்தப் போர்டுக்குக் காது கேக்காது.”

கொஞ்ச நேரத்தில் சர்வர் திரையில் ஒரு வரி நகர்ந்தது. போர்டு வந்துவிட்டது! அண்ணியின் போன் வழியாகவே புதியதை இறக்கியது, அணைந்தது. இருவரும் காத்திருந்தார்கள். போர்டு இந்தத் தடவை கொட்டகை வைஃபையிலேயே எழும்பியது. போனில் பம்பு உறுமும் சத்தம் கேட்டது.

“தெளிக்குதுடி! நல்லா தெளிக்குது!” அண்ணி கத்தினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “என்கூட எதுக்குடி கா?”

“நீங்க போயிட்டீங்கல்ல.” பொறியின் நீளமான வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைக்கு வந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

“லூசு. போனா சொல்லிட்டு அழணும். இப்படியா வைஃபைக்குப் பாஸ்வேர்டு வெப்பாங்க?” அண்ணியும் மூக்கை உறிஞ்சினாள். “கேளு. அந்த நாலு வரி எழுதணும்னியே, எழுது. ஆனா காத்துல அனுப்பாத. நீயே எடுத்துட்டு வா.”

“அதுக்கு ஒரு நாள் ஆகும் அண்ணி. காத்துல நிமிஷத்துல வந்துடும்.”

“தெரியும். வா.”

பொறி முதலாளியிடம் லீவு கேட்க எழுந்தாள்.