வரகுச் சோறும் என் நெற்றித் தழும்பும்

எங்கள் வீட்டுச் சுவரில் குழம்புக் கறை இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. என் கணவர் தட்டை வீசிய இடம் அது.

அவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. சர்க்கரை கூடிக் கால் விரலில் புண் வந்ததும் வெள்ளைச் சோற்றை நிறுத்தியவள் நான்தான். ரேஷன் அரிசி சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்துக் கைக்குத்தல் அரிசி வாங்கினேன். பழையபடி தட்டு நிறையத் தின்றார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. கேழ்வரகுக் கூழுக்குச் சர்ரென்று ஏறியது. கடைசியில் வரகு. திட்டக்குடி பக்கத்து விவசாயியிடமே வாங்கியதால் விலையும் கட்டுப்படியானது. ஒரே ஒரு கரண்டி, கூடக் கீரை, சுண்டல். சர்க்கரை இறங்கியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ருசியாக இருக்கிறதா என்று அவரை நான் கேட்கவே இல்லை.

ஒருநாள் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரகு உப்புமாவில் ஒரு வாய் வைத்தார். துப்பினார்.

"மாட்டுக்கு வெக்கிற தவிட்ட எனக்குப் போடுறியா?"

அப்படியே வேலைக்குப் போய்விட்டார். பசித்தால் தின்னட்டும் என்று நானும் விட்டேன்.

மதியம் வந்தார். மறுபடி வரகைப் பார்த்ததும் தட்டு என் காதை உரசிக்கொண்டு சுவருக்குப் பறந்தது. அலமாரியிலிருந்த பீங்கான் குதிரையை எடுத்து எறிந்தார். என் நெற்றி கிழிந்தது. முடியைப் பிடித்து இழுத்தார். நானும் சும்மா இருக்கவில்லை, கையைக் கடித்தேன். கை வேர்வையில் தெப்பலாக நனைந்து ஜில்லென்று இருந்தது. சூளையில் நின்றவர் கை இப்படியா இருக்கும்?

"ஏங்க, கம்பெனியிலயாச்சும் எதுனா சாப்ட்டீங்களா?"

"ஒன்ன கொன்னுடுவன்டி," என்று குழறியபடி சரிந்தார்.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை மீட்டரில் ஐம்பத்திரண்டு, ரொம்பக் கீழே. என் டீக்காக ஒளித்து வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்து ஊட்டினேன். என் ரத்தம் டம்ளரில் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "ஒன்ன யாரு அடிச்சாங்க?" என்றார்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "சோத்தக் கொறச்சா மாத்திரையையும் கொறைக்கணுமில்ல? என்னக் கேக்காம ஏம்மா மாத்துன? மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடக்கக் கூடாது. சர்க்கர ரொம்ப எறங்குனா புத்தி தடுமாறும், வெறி புடிச்சாப்ல கோவம் வரும்."

மாத்திரை பாதியானது. மதியம் கைக்குத்தல் சோறு அளவாக, ராத்திரி வரகு தோசை என்று சமாதானமானோம். தோசை அவருக்குப் பிடித்தும் இருந்தது. என்னை அடித்தது சர்க்கரைதான், அவரில்லை. அப்படி நம்பித்தான் அந்த வீட்டில் இருந்தேன்.

போன மாதம், இன்னொரு கரண்டி சோறு கேட்டார், மறுத்தேன். கை ஓங்கினார். நான் ஓடிப் போய் மீட்டரை எடுத்து வந்தேன்.

"வெரல நீட்டுங்க."

குத்திக் குத்திப் பழகிய விரல், கோபத்திலும் நீண்டது. நூற்றுப் பதினெட்டு.

"சர்க்கர சரியா இருக்குது. அப்ப இது நீங்கதான்," என்றேன்.

பிறந்த வீட்டுக்குப் போகப் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.